சாமிக்கு விட்ட முடி, பள்ளிக்கூட விதி, நடுவில் ஒரு கடிதம்

கொங்குப் பக்கத்துத் தனியார் பள்ளிகளின் டைரியில், சீருடைப் பக்கத்தில், ஏறத்தாழ ஒரே வாசகம்தான் இருக்கும். பையன்கள் முடியை ஒட்ட வெட்டி, எண்ணெய் தேய்த்துப் படிய வாரி வர வேண்டும். பெண்பிள்ளைகள் இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ தோள் வரை முடியோடு ஒரு பையன் வந்து நின்றால், வகுப்பாசிரியர் டைரியில் "முடி வெட்டி அனுப்பவும்" என்று எழுதி அனுப்புவார். வீட்டில் அப்பத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "சாமிக்கு விட்ட முடிங்க, கத்திரி படக்கூடாதுங்க."

இரண்டு பக்கமும் இதற்கு மேல் பேசாமல் மூன்று நான்கு வாரம் ஓடும். பையன்தான் தினமும் வகுப்பில் எழுந்து நிற்பான். ஒரு நல்ல கடிதம் இதைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஆனால் பெற்றோர் எழுதுகிற கடிதங்களில் பாதி வேறு எதையோ பேசுகின்றன. சிலர் அரசியல் சட்டத்தைப் பேசுகிறார்கள், சிலர் "தயவுசெய்து பரிசீலிக்கவும்" என்று இரண்டு வரியில் நிறுத்திவிடுகிறார்கள். எது வேலை செய்கிறது, ஏன் என்பதைப் பார்க்கலாம்.

முதலில், பள்ளிக்கூட வயது வரை அந்த முடி ஏன் தலையில் இருக்கிறது என்ற கேள்வி. இங்கே முதல் முடி குலதெய்வத்துக்குப் போக வேண்டியது. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயதில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை அடித்துக் காது குத்துவார்கள். பொங்கல், கிடா, சீர், பங்காளிகள் எல்லோரும் சேர்ந்த பெரிய விசேஷம் அது. அதனாலேயே தள்ளிப்போகும். பங்காளி வீட்டில் ஒரு பெரிய காரியம் நடந்துவிட்டால் வருஷம் திரும்ப வேண்டும் என்பார்கள். கோயிலில் திருப்பணி தொடங்கிப் பாலாலயம் செய்துவிட்டால், கும்பாபிஷேகம் முடியும்வரை விசேஷத்தை நிறுத்தி வைக்கும் குடும்பங்கள் உண்டு. தாய்மாமன் வெளிநாட்டில் இருப்பார், லீவு கிடைக்காது. மூன்று வயதில் முடிய வேண்டியது ஐந்துக்குப் போகும், ஐந்து ஏழாகும். இது ஒரு வகை. இன்னொன்று, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது "குணமானா பழனிக்கு வந்து முடி இறக்குறேன்" என்று நேர்ந்துகொண்டு, அன்றிலிருந்து விட்ட முடி. தைப்பூசமோ பங்குனி உத்திரமோ கெடுவாக இருக்கும். இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த முடிக்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது. கடிதத்துக்கு மிகப் பெரிய பலம் அதுதான். அதைத்தான் பெரும்பாலானோர் எழுத மறக்கிறார்கள்.

இப்போது பள்ளியின் பக்கம். தனியார் பள்ளி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், தலைமையாசிரியருக்குச் சாமி மேல் எந்தக் கோபமும் இருக்காது. அவரே போன மாசி மாதம் மொட்டையோடு வந்தவராக இருப்பார். அவருடைய பயம் மேல் வகுப்புப் பையன்கள் மேல்தான். ஒரு பக்கம் மழித்து ஒரு பக்கம் வளர்ப்பது, காதோரம் கோடு போடுவது, முன்முடியை நெற்றியில் விட்டுச் செம்பட்டை அடிப்பது, இதோடுதான் அவர் வருஷம் முழுக்க மல்லுக்கட்டுகிறார். "ஏனுங்க, இவனுக்கு விட்டா நாளைக்கு ஒன்பதாவது பசங்க அத்தனை பேரும் சாமிக்கு விட்ட முடின்னு சொல்ல மாட்டாங்களா?" என்பார். நியாயமான கேள்வி. கடிதம் இதற்குப் பதில் சொல்லாவிட்டால், பக்தியை எத்தனை பத்தி விவரித்தாலும் பயனில்லை.

இந்த இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கடிதம் இருக்கிறது. அது முடியைப் பற்றியதில்லை, மூக்குத்தியைப் பற்றியது. எழுதியவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிள்ளை என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒரு தாய். 1860 முதல் அங்குள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களில் நம் ஆட்கள் ஏராளம், டர்பனில் இன்றும் பெரிய தமிழ்ச் சமூகம் உண்டு. 2004இல் பள்ளி விடுமுறையில் அவருடைய மகளுக்கு மூக்குக் குத்தினார்கள். திரும்பிப் போனதும், நகை கூடாது என்ற விதியைக் காட்டி, மூக்குத்தி ஏன் வேண்டும் என்று விளக்கி எழுதும்படி பள்ளி கேட்டது. அந்தத் தாய் எழுதினார்: நாங்கள் தென்னிந்தியக் குடும்பம், எங்களுக்கு முன்னால் இருந்த பெண்களின் வழக்கத்தைக் காக்க விரும்புகிறோம். பெண் வயதுக்கு வந்ததும் மூக்குக் குத்துவது எங்கள் வழி. பதினாறாவது பிறந்த நாளில் அவளுடைய பாட்டி இந்தத் தங்க மூக்குத்திக்குப் பதிலாக வைர மூக்குத்தி போடுவார். இது நாகரிகத்துக்காகச் செய்தது இல்லை.

பள்ளி மறுத்தது. வழக்கு மேலே மேலே போய், 2007 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் மகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி பியஸ் லாங்கா எழுதிய தீர்ப்பில் நமக்குத் தேவையான சங்கதி ஒன்று. மூக்குத்தி மதத்தில் கட்டாயமா என்று பள்ளித் தரப்பு கேட்டது. கட்டாயமில்லை என்பதை நீதிமன்றமும் ஏற்றது. ஆனாலும், ஒருவர் தானாக விரும்பிப் பின்பற்றுகிற வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு, பள்ளி தன் விதியைக் கொஞ்சம் தளர்த்தி இடம் கொடுப்பதால் ஒழுங்கு கெட்டுவிடும் என்பதற்குச் சான்று இல்லை என்றது. விலக்குக் கேட்பவர்களுக்கு என்ன நடைமுறை என்பதையும் பள்ளி தன் விதிகளில் எழுத வேண்டும் என்றது.

அந்தத் தாயின் கடிதத்தில் பாட்டியும் பதினாறாவது பிறந்த நாளும் இருந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். "எங்கள் கலாசாரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் எதையும் கற்பனை செய்திருக்கலாம். யார், எப்போது, எதற்காக என்று எழுதியதால் அது ஒரு குடும்பத்தின் வழக்கம் என்று படிப்பவருக்குத் தெரிகிறது. கடிதத்தில் குறையும் உண்டு. அந்தத் தாய் பள்ளி விதிகளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார், குத்துவதற்கு முன் கேட்கவில்லை. கடிதமும் பள்ளி கேட்ட பிறகுதான் வந்தது.

முடியைப் பற்றியே ஒரு வழக்கு லண்டனில் நடந்தது. ஹாரோ பகுதியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி, 2009இல் பதினொரு வயதுப் பையன் ஒருவனை முதல் நாளே திருப்பி அனுப்பியது. ஆப்பிரிக்க-கரீபியக் குடும்பம். பிறந்ததிலிருந்து முடி வெட்டாமல், மண்டையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னுவது அவர்கள் வீட்டு வழக்கம். அந்தப் பின்னல் தெருக்கும்பல்களின் அடையாளமாகிவிடும் என்று பள்ளி பயந்தது. 2011இல் நீதிபதி கொலின்ஸ், விதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் குடும்ப வழக்கத்துக்காக ஒருபோதும் விலக்கே கிடையாது என்று அதை நடத்தியது சட்டவிரோதம் என்றார். சீக்கியர்களுக்கும், ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி மதத்தினருக்கும் அதே பள்ளி விலக்குத் தர ஒத்துக்கொண்டிருந்தது அதற்குப் பாதகமாகப் போயிற்று.

சரி, இதையெல்லாம் காட்டி இங்கே சட்டம் பேசலாமா? பேசாமல் இருப்பது நல்லது என்பேன். இந்திய நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும், அந்த வழக்கம் மதத்துக்கு இன்றியமையாததா என்று கேட்கின்றன. அந்த அளவுகோல் 1954இல், சென்னை மாநில அறநிலையத் துறை சம்பந்தப்பட்ட சிரூர் மடம் வழக்கிலிருந்து வருவது. நேர்ந்துவிட்ட முடி அந்தக் கேள்வியில் தேறுவது கடினம், ஏனென்றால் நேர்ந்துகொள்ளாதவரும் நல்ல பக்தர்தான். 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஹிஜாப் வழக்கில் டர்பன் தீர்ப்பைப் பார்த்துவிட்டு, மூக்குத்தி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, சீருடையைப் பாதிக்காது என்று சொல்லி அதை ஒதுக்கிவைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதியதால், விஷயம் பெரிய அமர்வுக்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பப்பட்டது. தோள் வரை முடி மூக்குத்தி அளவு சின்னதும் இல்லை. ஆகவே உரிமை என்று தொடங்கினால் பள்ளி தன் வக்கீலைக் கேட்கும், வக்கீல் "உங்களுக்குக் கடமையில்லை" என்பார். சலுகையாகக் கேட்டால் முடிவு தலைமையாசிரியர் மேஜையிலேயே நிற்கும்.

அந்த மேஜையில் வைக்க நம்மிடம் நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. இந்த ஊர்ப் பள்ளிகள் முடி விஷயத்தில் ஏற்கெனவே விலக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன, யாரும் அதை விலக்கு என்று நினைப்பதில்லை. பழனிக்குப் போய்விட்டுச் சந்தனம் பூசிய மொட்டையோடு வருகிற ஐந்தாம் வகுப்புப் பெண்ணிடம் "இரட்டைச் சடை எங்கே?" என்று எந்த ஆசிரியரும் கேட்டதில்லை. அவளுக்கு முடி வளர்ந்து சடை போட ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவரை விதி சும்மா இருக்கும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட பதினொன்றாம் வகுப்புப் பையன் அரும்பு தாடியோடு வருவதையும் பல பள்ளிகள் விடுகின்றன. முடி இறக்கிய பிறகு வருபவருக்கு இடம் கொடுக்கிற பள்ளி, இறக்குவதற்கு முந்தைய சில மாதங்களுக்கும் கொடுக்கலாம் என்று கேட்பது பெரிய தாவல் இல்லை.

காங்கயம் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது, இரண்டாம் வகுப்பு. ஐந்து வயதில் வைத்திருந்த விசேஷம் பெரியப்பா தவறியதால் நின்றது, அப்புறம் கோயிலில் திருப்பணி வந்துவிட்டது. தை மாதம் செய்வதாக உத்தேசம், நாள் இன்னும் குறிக்கவில்லை. கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கு, வணக்கம். என் மகன் உங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு 'அ' பிரிவில் படிக்கிறான். அவனுடைய முதல் முடி எங்கள் குலதெய்வத்துக்குக் காணிக்கையாக விடப்பட்டது, அதனால் இதுவரை வெட்டவில்லை. ஐந்து வயதில் எடுக்க வேண்டியது, குடும்பத்தில் ஒரு இறப்பாலும் கோயில் திருப்பணியாலும் தள்ளிப்போனது. வரும் தை மாதம் எடுக்க இருக்கிறோம். நாள் குறித்தவுடன் எழுதித் தெரிவிப்போம். எப்படியும் ஏப்ரல் மாத முடிவுக்குள் எடுத்துவிடுவோம். அதுவரை அவன் முடி வெட்டாமல் வர அனுமதி வேண்டுகிறேன்.

தினமும் எண்ணெய் தேய்த்து, நடுவகிடு எடுத்து, பின்னால் ஒற்றைச் சடையாகப் பின்னிக் கறுப்பு ரப்பர் போட்டு அனுப்புவோம். நெற்றியிலோ காதிலோ முடி விழாது. விளையாட்டு வகுப்பு நாளில் சடையைச் சுருட்டிக் கொண்டையாகக் கட்டிவிடுவோம். வாரம் ஒரு முறை பேன் பார்த்துச் சுத்தம் செய்கிறோம். சீருடையின் மற்ற விதிகள் எதிலும் நாங்கள் மாற்றம் கேட்கவில்லை.

முடி எடுக்கும் அன்றே காதும் குத்துவோம். புண் ஆறும்வரை சின்னக் கடுக்கன் கழற்ற முடியாது. அதற்கும் சேர்த்து அனுமதி வேண்டுகிறேன். வகுப்பில் மற்ற பிள்ளைகள் அவனைக் கேலி செய்தால் வகுப்பாசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். நேரில் வந்து பேச நான் தயார். உங்கள் முடிவை எழுத்தில் தந்தால் அடுத்து வரும் ஆசிரியர்களுக்கும் காட்ட உதவும்."

இந்தக் கடிதத்தில் பக்தி ஒரு வரிதான். மீதி எல்லாம் பள்ளியின் பயத்துக்குப் பதில். ஏப்ரல் என்ற வெளிக்கெடு இருப்பதால் ஒன்பதாம் வகுப்புப் பையனின் சாக்கு இதன் மேல் ஏறி உட்கார முடியாது. அவனும் இப்படியே முதல் முடி என்று காட்டி, கெடு சொல்லி, அப்பா அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்துக் கொண்டுவரட்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிக்கொள்ளலாம். முடி எப்படி இருக்கும் என்று எழுதியதால், வராண்டாவில் எதிரே வருகிற வேறு ஆசிரியருக்கும் எது அனுமதிக்குள், எது வெளியே என்று தெரியும். ஒருநாள் சடை பின்னாமல் விரித்துவிட்டு அனுப்பினால் குற்றம் நம் பக்கம் வந்துவிடும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். இதில் அப்பத்தாக்களை விட அவசரமாகக் கிளம்பும் அப்பாக்கள்தான் தவறுவார்கள்.

கடுக்கனைச் சேர்த்தது வேண்டுமென்றேதான். முடிக்கு அனுமதி வாங்கி, தை மாதம் மொட்டையடித்து, எல்லாம் முடிந்தது என்று பையனை அனுப்பினால், "நகை கூடாது" என்று மறுபடி டைரியில் எழுதி வருவது வழக்கம்.

எழுதக் கூடாத ஒன்றும் உண்டு. "எங்கள் சமூக வழக்கம்", "எங்கள் கூட்டத்தின் மரபு" என்று போடாதீர்கள். வீட்டில் குலதெய்வம் கூட்டத்தோடு, அதாவது சாதிக்குள் இருக்கும் குலப்பிரிவோடு, சேர்ந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உடம்பில் தெரிகிற எந்த அடையாளத்தையும் இப்போது சாதிக் கண்ணோடு பார்க்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கைகளில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் திலகம் ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்கப் பரிந்துரைத்தது. முடி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கடிதத்தில் கூட்டத்தின் பெயர் இருந்தால், தலைமையாசிரியர் ஒரு சாதி அடையாளத்துக்கு எழுத்தில் அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும், அவர் கையெழுத்துப் போட மாட்டார். குடும்பம், குழந்தை, காணிக்கை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். திருப்பூரில் பீகாரிலிருந்து வந்த தொழிலாளி தன் மகனின் உச்சிக்குடுமிக்கு இதே கடிதத்தை எழுதினாலும் பொருந்த வேண்டும். பொருந்தாத வாக்கியம் ஏதாவது இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

பூசாரியிடம் கடிதம் வாங்கி இணைக்கலாமா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். இணைத்தால், இனி வருகிற ஒவ்வொரு பெற்றோரிடமும் பூசாரி கையெழுத்துக் கேட்க வேண்டிய நிலை பள்ளிக்கு வரும். பூசாரி சாட்சி சொல்லக்கூடியதும் கோயிலில் திருப்பணி நடக்கிறது என்பது வரைதான். அதை விடக் கோயிலின் கும்பாபிஷேக அழைப்பிதழ் கையில் இருந்தால், நேரில் பேசும்போது காட்டலாம்.

கடிதத்தைக் கொடுக்கும் முறையும் உண்டு. ஜூன் திறப்புக்கு முன், சேர்க்கைப் படிவத்திலும் டைரி விதிகளிலும் கையெழுத்துப் போடும்போதே கொடுப்பது சிறப்பு. வகுப்பு வாட்ஸப் குழுவில் குரல் பதிவு போடுவது மோசம். மற்ற பெற்றோர் முன்னால் தலைமையாசிரியரால் இறங்கி வர முடியாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியர் வாய்மொழியாக "விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றால் நன்றி சொல்லிவிட்டு, அப்படியும் கடிதத்தைக் கொடுங்கள். ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்க வருகிற உடற்கல்வி ஆசிரியருக்கு அந்த வாய்மொழி தெரியாது.

மறுத்துவிட்டால்? முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பல மறுப்புகள் எழுத்தாகும்போது "இந்த ஆண்டு மட்டும்" என்ற அனுமதியாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் தாளாளர், அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர். சட்டத்தின் உண்மையான பிடி இங்கேதான் வருகிறது, அதுவும் முடியைப் பற்றியதில்லை, பிள்ளையை நடத்துவதைப் பற்றியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 16ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. அனுமதி தர முடியாது என்று சொல்லப் பள்ளிக்கு இடம் இருக்கிறது. அதற்காகப் பையனைத் தினமும் வெயிலில் நிறுத்தவோ, ஆசிரியரே கத்திரி எடுக்கவோ இடம் இல்லை.

இந்தப் பேச்சு நடக்கிற நாட்களில் பையனை வீட்டில் நிறுத்தாதீர்கள். சடையைப் பின்னி, முத்திரை வாங்கிய பிரதியின் நகல் ஒன்றைப் பையில் வைத்து அனுப்புங்கள். அவன் வகுப்பை விட்டு வெளியே நிறுத்தப்பட்டால் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். மாவட்டக் கல்வி அலுவலர் முதலில் கேட்பது அதைத்தான்.